இருபது நிமிடக் களவு

துறைமுகத்துக்குப் பக்கத்தில் சீமெந்து லொறிகள் நிற்கும் யார்டில் நான் எழுதுவினைஞர். எங்கள் முகாமையாளருக்குக் கூட்டி இரண்டால் பிரிக்கத் தெரியும். அதற்கு மேல் ஒரு மண்ணும் தெரியாது. பட்டம் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது.

கந்தளாய்க்கு அப்பால் இருந்த களஞ்சியத்துக்கு அறுபது கிலோமீற்றர். மூட்டை ஏற்றிப் போகும்போது லொறி மணிக்கு முப்பதில் ஓடும், வெறுமையாய் வரும்போது அறுபதில். ஜீபிஎஸ் கருவி இரண்டையும் அச்சடித்துத் தரும். முகாமையாளரின் பெரிய மூளை இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, சராசரி நாற்பத்தைந்து என்றது. அப்படிப் பார்த்தால் போய்வர இரண்டு மணி நாற்பது நிமிடம் போதும். சாரதியோ மூன்று மணி ஓடியிருந்தார். இறக்கும் நேரம் அதில் சேர்த்தியில்லை. மிச்ச இருபது நிமிடமும் எங்கோ நின்று டீசல் விற்கிறார் என்பது தீர்ப்பு.

"நான் ஓரிடமும் நிக்கேல்ல, சேர்" என்றார் சாரதி. ஐம்பது தாண்டிய மனிதர். இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. மூன்றாவதோடு வேலை போய்விடும்.

மூன்றாவதைத் தட்டச்சில் அடிக்கச் சொன்ன அன்று நான் கடதாசியில் எழுதிக் காட்டினேன். போகும்போது கிலோமீற்றருக்கு இரண்டு நிமிடம், வரும்போது ஒன்று. சராசரி ஒன்றரை நிமிடம், அதாவது மணிக்கு நாற்பது. மெதுவாக ஓடுவதில்தான் இரண்டு மணி போகிறது, வேகமாக ஓடுவதில் ஒரு மணிதான். போன தூரமும் வந்த தூரமும் ஒன்றென்றால் இசைச் சராசரிதான் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு.

"முப்பதுக்கும் அறுபதுக்கும் நடு நாற்பத்தஞ்சு. அது கூடத் தெரியாதோ உங்களுக்கு? நானே போய்ப் பிடிக்கிறன்" என்றார் முகாமையாளர்.

மறுநாள் லொறியில் ஏறிப் போனார். வழியில் தம்பலகாமத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தச் சொன்னாராம். "ஏலாது சேர், கணக்குப் பிழைச்சிடும்" என்றாராம் சாரதி.

திரும்பி வந்ததும் கருவியைப் பார்த்தேன். அதே முப்பது, அதே அறுபது, அதே மூன்று மணி. மூன்றாவது கடிதத்தில் சாரதியின் பெயரை எடுத்துவிட்டு முகாமையாளரின் பெயரைப் போட்டேன். 'இருபது நிமிடம் எங்கே நின்றீர்கள் என விளக்கம் தரவும்.' வாசித்தார், காது சிவந்தது, கிழித்தார். கருவி பிழை, சாரதிக்கு இனிக் கடிதம் வேண்டாம் என்றார். மன்னிப்புக் கேட்க அந்தப் பட்டத்தில் பாடம் இருக்கவில்லை போலும்.

வேலை தப்பியதைச் சொல்ல நானே பெருமையோடு லொறியடிக்குப் போனேன்.

"நன்றி, பிள்ளை" என்றார் சாரதி. "முதல் ரெண்டு கடிதத்தையும் ஆர் அடிச்சது?"

"நான்தான்."

"அப்பவும் இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்" என்றேன்.

அவர் கதவைச் சாத்தி லொறியை எடுத்தார்.