பாம்பு இல்லாத நூலகத்துக்கு ஒரு வேண்டுகோள்

சிங்கப்பூரில் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளரானதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. "இங்கன யாருக்கு கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கத் தெரியும்?" என்று கூட்டத்தில் தலைவர் கேட்டார். நான் கையைத் தூக்கிவிட்டேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு இந்த வியாதி கடைசிவரை போகாது.

பள்ளி, ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையை விட்டு இறங்கினால் கடலோரமாக இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளி. அங்கே இப்போது தலைமையாசிரியையாக இருப்பவள், ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள்தான் நூலகத்துக்கு உதவி கேட்டு எழுதியிருந்தாள். அறை இருக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன, ஆனால் இரண்டும் யாருக்கும் பயன்படவில்லை என்பது சுருக்கம். உப்புக்காற்றில் இரும்பு பீரோக்கள் துருப்பிடித்து, காலால் உதைத்தால்தான் திறக்கின்றன. பாதி அறையில் மிஞ்சிப்போன பாடப்புத்தகப் பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழு போட்ட தீர்மானத்தின் நகலையும், மூன்று கடைகளில் வாங்கிய விலைப்புள்ளிகளையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். கணக்குப் பாடத்தில் என் விடைத்தாளைப் பார்த்து எழுதியவள் இவ்வளவு ஒழுங்காக அனுப்புவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தலைவருக்குச் சொந்தமாக உணவகம் உண்டு. மத்தியானக் கூட்டம் குறைந்த பிறகு அங்கேதான் எங்கள் செயற்குழு கூடும். பொருளாளர் பணமாற்றுக் கடையில் வேலை பார்ப்பவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் படிப்பார். அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

"ஒண்ணு, இந்தக் கடிதம் நம்ம உறுப்பினர்களுக்கு மட்டும்தான். பொதுவுல வசூல் பண்ணணும்னா இந்த நாட்டுல அனுமதி வாங்கணும். ரெண்டு, சங்கத்துக் கணக்குல ஒரு சிங்கப்பூர் வெள்ளிகூட வரக் கூடாது. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க அவங்க சொந்தக் காசை ஊர்ல இருக்க அவங்க பேங்க் கணக்குலருந்து நேரா மேலாண்மைக் குழு கணக்குக்கு அனுப்பட்டும். இந்த நாட்டுக் குடிமகனா மாறினவங்க குடுத்தா அது வெளிநாட்டுப் பணம். அதுக்கு அங்க தனிச் சட்டம் இருக்கு."

"அப்ப சங்கம் எதுக்கு?" என்றார் தலைவர்.

"கடிதம் எழுதத்தான்" என்றார் பொருளாளர்.

நான் எழுதினேன். கீழே பட்டியலும் போட்டேன். அலமாரி, மேசை, புத்தகம், சன்னல் வலை, கரையான் தடுப்பு. தலைவர் படித்துவிட்டு, ஆறிப்போன பரோட்டாவைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது கடிதமா, மளிகைச் சிட்டையா? படிச்ச உடனே கண்ணு கலங்கணும்மா. திறப்பு விழாவைக் காணோமே?"

திறப்பு விழாவுக்கு அவரிடம் தனிக் கணக்கு இருந்தது. பந்தல், பேனர், சால்வை, ஊரே சாப்பிடுகிற அளவுக்கு பிரியாணி என்று ஒரு லட்சத்து இருபதாயிரம். புத்தகங்களுக்கு நாங்கள் ஒதுக்கியிருந்தது ஒரு லட்சம். பொருளாளர் காகிதத்தை இந்த முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை, மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் பிரியாணி, 'இதர செலவுகள்' என்ற பெயரில் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தது.

கண் கலங்குகிற பகுதியைத் தலைவரே எழுதினார். 'மழை பெய்தால் கூரை அழுகிறது, கூரையோடு குழந்தைகளும் அழுகிறார்கள்' என்று ஆரம்பித்தது. 'விரிசல் விட்ட சுவர்கள் எந்த நொடியும் மடியலாம்' என்று வளர்ந்தது. 'பாம்புகள் குடியிருக்கும் புத்தகங்களை நோக்கி நீளும் பிஞ்சு விரல்கள்' என்று முடிந்தது.

"அண்ணே, பாம்பு எங்க வந்துச்சு?"

"கடற்கரையோரம், பனங்காடு, பூட்டிக் கெடக்குற ரூமு. பாம்பு இல்லாமயா இருக்கும்?"

எனக்கும் அந்த 'பிஞ்சு விரல்கள்' பிடித்துத்தான் இருந்தது. ஒற்றெழுத்துகளைச் சரிபார்த்து அனுப்பிவிட்டேன். 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று மேலே தடித்த எழுத்தில் போட்டேன். அதைப் பார்த்ததும் எல்லோரும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள், ஊரில் பள்ளி தொடங்கியிருக்கும் நேரத்தில், நான் அலுவலக வேலையாக ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை கூப்பிட்டாள். வணக்கம், நலமா எதுவும் இல்லை.

"ஏண்டி, என் பள்ளிக்கூடத்துல எங்கடி பாம்பு இருக்கு?"

நான் ரயிலில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி "இல்லையா?" என்றேன்.

"கேட்டுக்கு வெளிய நூறு பேரு நிக்கிறாக. சுவரு இடியப் போகுதாம், புள்ளைகளை அனுப்புன்னு நிக்கிறாக. மாவட்டக் கல்வி ஆபீஸ்லருந்து போன் வந்துருச்சு. கட்டடத்தைப் பத்தி அறிக்கை குடுன்னு கேக்குறாக. இந்தக் கட்டடம் கட்டிப் பத்து வருஷம்கூட ஆகலடி! நீ படிச்ச ஓட்டுக் கட்டடத்தை இடிச்சு எம்புட்டு நாளாச்சு!"

அது எனக்குத் தெரியாது. எழுதும்போது என் மனசில் இருந்தது ஓட்டுக் கட்டடம்தான். தலைவர் மனசில் இருந்தது அதற்கும் முந்தையதாக இருக்கலாம்.

பின்னாலிருந்து வேறொரு குரல் கேட்டது. "போனை இங்கன குடுங்க டீச்சர்." மேலாண்மைக் குழுத் தலைவி. கரையில் மீன் ஏலம் எடுக்கிற பெண்மணி, இரண்டு பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். ஏலத்தில் பழகிய குரல். ரயிலில் எனக்கு எதிரே நின்ற சீனக் கிழவர் காதைத் தடவிக்கொண்டார்.

"ஏந்தாயி, எங்க புள்ளைக அழுகுறதை நீ பாத்தியா? அதுக ஒண்ணும் அழுகல. வெளையாடப் போயிருக்குக. பொஸ்தகம் வைக்க அலமாரி கேட்டோம். பாவப்படச் சொல்லி யாரு கேட்டா?"

நான் இறங்க வேண்டிய நிலையம் தாண்டிப் போய்விட்டது.

அன்றைக்கு நடந்ததையெல்லாம் தலைமையாசிரியை பிறகு சொன்னாள். மத்தியானம் பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்து, கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். யாரோ தகவல் சொல்லி, தீயணைப்பு நிலையத்திலிருந்து பாம்பு பிடிக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். பாம்பைத் தேட வேண்டுமென்றால் அறையைக் காலி செய்தாக வேண்டும். அத்தனை பாடப்புத்தகப் பெட்டிகளையும் அவர்களே சுமந்து வெளியே வைத்தார்கள். இரண்டு பீரோக்களையும் நகர்த்தினார்கள். பாம்பு இல்லை. பீரோவுக்குப் பின்னால் கரையான் புற்று மட்டும் இருந்தது. அந்த அறையின் தரை எந்த நிறம் என்பது அன்றைக்குத்தான் தனக்கே தெரிந்தது என்றாள். வந்தவர்கள் டீ குடித்துவிட்டு, பாம்பு இல்லாததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்களாம்.

"பெட்டியெல்லாம் திரும்ப உள்ள போகாது. ஸ்டோர் ரூம்ல அடுக்கிட்டேன்" என்றாள். குரலில் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஆனா நீ கடிதத்தை மாத்தி எழுது. அந்த ஏலக்கார அக்கா சொல்லச் சொல்ல எழுது."

ஞாயிற்றுக்கிழமை உணவகத்தில் வீடியோ அழைப்பில் உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் அவளும் மேலாண்மைக் குழுத் தலைவியும். இந்தப் பக்கம் நாங்கள் மூவரும். தலைவர் கேமராவுக்கு வெளியே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"இதர செலவுன்னா என்னா?" என்பதுதான் அந்தம்மா கேட்ட முதல் கேள்வி.

பொருளாளர் மெதுவாகத் தலைவர் பக்கம் போனைத் திருப்பினார்.

"அது வந்தும்மா, ஒரு சின்ன விழா..."

"புள்ளைகளுக்குக் கறிச்சோறு நாங்க போடுறோம்ணே. பொஸ்தகம்தான் எங்களால முடியல. நீங்க பொஸ்தகத்தைக் குடுங்க."

'இதர' அன்றோடு ஒழிந்தது. இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். முதல் வரியிலேயே, முந்தைய கடிதத்தில் கூரை, சுவர், பாம்பு பற்றிச் சொன்னவை தவறு, வருந்துகிறோம் என்று எழுதினோம். பிறகு நேராகப் பட்டியல்:

மர அலமாரி ஆறு: ரூ. 96,000
வாசிப்பு மேசை, பெஞ்சுகள்: ரூ. 72,000
புத்தகங்கள்: ரூ. 1,00,000
சன்னல் வலை, மின்வேலை, விசிறி: ரூ. 38,000
கரையான் தடுப்பு: ரூ. 14,000
மொத்தம்: ரூ. 3,20,000

இரும்பு ஏன் வேண்டாம் என்று ஒரு வரி, பணத்தை எப்படி அனுப்ப வேண்டும் என்று இரண்டு வரி, செலவானதும் பில்களோடு கணக்கு வரும் என்று ஒரு வரி. அழுகை எங்கேயும் இல்லை. பணம் வராது என்று தலைவர் சொன்னார். ஒரு வாரத்தில் வர ஆரம்பித்தது. முதல் கடிதத்தைப் படித்துச் சிரித்தவர்களெல்லாம் இரண்டாவதை நம்பிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒவ்வொருவரும் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அலமாரிக்குப் போட்டி. 'என் அய்யா பெயரை அதில் எழுதலாமா?' மேசைக்கு அதைவிடப் போட்டி. விசிறிக்குக்கூட ஆள் வந்தது, இறக்கையில் பெயர் எழுதினால் சுற்றும்போது தெரியாதே என்ற கவலையோடு. கரையான் தடுப்பை மட்டும் யாரும் தொடவில்லை. கரையான் மருந்தில் யாருடைய அய்யா பெயரை எழுதுவது?

"அது இல்லாம மர அலமாரியை உள்ள கொண்டாந்தா, கரையானுக்குத்தான் விருந்து" என்று தலைமையாசிரியை தினமும் செய்தி அனுப்பினாள்.

பொருளாளர் பட்டியலைத் தலைவருக்கு முன்னால் வைத்துவிட்டு டீ குடித்தார். தலைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் முந்தி நடக்குற வேலை இதுதானே?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. அலமாரியே அப்புறம்தான்" என்றேன்.

"அப்ப முதல் உபயம் என்னோடதுன்னு சொல்லலாம்ல?"

இன்றைக்கும் நூலக வாசலில் தொங்குகிற பலகையில், செலவான வரிசைப்படி, கரையான் தடுப்புக்கு நேராக அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது. அவர் அதைப் போட்டோ எடுத்து உணவகத்தில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் அவரைக் கரையான் மருந்து வியாபாரி என்று நினைத்து விலை கேட்கிறார்களாம்.

போன விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியை, இதுவரையிலான பில்களும் கணக்கும் அடங்கிய கோப்பை என் கையில் கொடுத்துவிட்டு, சங்கத்தில் எல்லோருக்கும் காட்டச் சொன்னாள். அறையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சன்னல் வலை வழியாகக் கடற்காற்று உள்ளே வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து படித்தார்கள், இரண்டு பேர் ஒரே புத்தகத்துக்குச் சண்டை போட்டார்கள். எனக்கு அந்தச் சண்டை ரொம்பப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானங்களில் தாய்மார்களும் வந்து புத்தகம் எடுக்கலாம் என்று மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். கொண்டுவந்தது தலைவிதான். முதல் புத்தகம் எடுத்ததும் அவர்தான். தடியான பேய்க்கதைத் தொகுப்பு.

"படிச்சாகளா?" என்று கேட்டேன்.

"எங்க? மூணு மாசமாச்சு, திருப்பித் தரவேயில்ல. ஏலக்கடையில வச்சு எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறாகளாம். கூட்டம் கூடுதாம்."

"கேட்டு வாங்க வேண்டியதுதானே? நீதானே தலைமையாசிரியை?"

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நீ வேறடி. செக்குல நானும் அவுகளும் சேந்துதான் கையெழுத்துப் போடணும். மொதல்ல மின்சார வேலைக்காரருக்கு மிச்சப் பணம் போகட்டும். அப்புறமா மெதுவாக் கேட்டுக்கிறேன்."