ஒரு கட்டம் தள்ளி

தார்நாகாவில் ஒரு கல்லூரியின் முதல் மாடியில் விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்தது. புள்ளியியல் தாளுக்கு நாங்கள் பன்னிரண்டு பேர். என் பெஞ்சில் பக்கத்தில் அல்வாலிலிருந்து வரும் விரிவுரையாளர் ஒருத்தி. என்னைவிட நான்கைந்து வயது இளையவள். தெலுங்கு பேசும் அந்த அறையில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதால் சீக்கிரமே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

இரண்டாம் நாள் காலை. எட்டு மதிப்பெண் கேள்வி ஒன்று. ஐந்நூறு கிராம் பிஸ்கட் பாக்கெட் நிரப்பும் இயந்திரத்திலிருந்து பத்து பாக்கெட்டுகளை நிறுத்துப் பார்க்கிறார்கள். சராசரி 503 கிராம், திட்ட விலக்கம் 4.5. நிரப்பும் எடை மாறியிருக்கிறதா என்று ஐந்து சதவீத நிலையில் சோதிக்க வேண்டும்.

என் கையில் இருந்த தாளில் எழுத்து சாய்ந்து சாய்ந்து போனது, ஆனால் ஒரு படிகூட விடவில்லை. கருதுகோள் இரண்டும் சரி. சூத்திரம் சரி. t மதிப்பு 2.11 என்று கணக்கும் சரி. பத்து பாக்கெட் என்பதால் அட்டவணையில் ஒன்பதாவது வரிசையைப் பார்க்க வேண்டும். அதையும் சரியாக எழுதியிருந்தது அந்தப் பிள்ளை. அந்த வரிசையில் ஐந்து சதவீதத்துக்கு 2.262. பிள்ளை எழுதியிருந்தது 1.833. அது பக்கத்துக் கட்டம், பத்து சதவீதத்துக்கு உரியது.

அதனால் முடிவு தலைகீழாகிவிட்டது. 2.11 என்பது 2.262-ஐவிடச் சின்னது, ஆகவே மாறிவிட்டதாகச் சொல்ல ஆதாரம் போதாது என்பதுதான் விடை. பிள்ளையோ, 2.11 என்பது 1.833-ஐவிடப் பெரியது, ஆகவே எடை மாறியிருக்கிறது என்று எழுதியிருந்தது. தான் படித்த எண்ணுக்கு அது நேர்மையான முடிவு.

அட்டவணை மதிப்புக்கு ஒரு மதிப்பெண்ணைக் குறைத்து ஏழு போட்டேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, நேத்து இதே மாதிரி ஒண்ணுக்கு முடிவு மார்க்கையும் வெட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் ஆறுதான் போட்டேன்.”

சொன்னேன்தான். முந்தின நாள் சாயங்காலம், விடைத்தாள்களின் கடைசிக் கட்டு, தலைவலி. விடைக்குறிப்பில் இருந்த கடைசி வரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை, வெட்டு என்று சொல்லிவிட்டேன். என் கட்டுத் தாள்களிலும் அப்படி வெட்டிய ஞாபகம் இருந்தது.

“தப்பா சொல்லிட்டேன்மா. ஒரு தப்புக்கு ரெண்டு தடவை அடிச்சிருக்கோம்.”

திருத்தி முடித்த அந்தக் கட்டுகள் காப்பறைக்குள் போய்விட்டனவே என்றாள் அவள். நான் எழுந்து தலைமைத் தேர்வாளரிடம் போனேன். வயதில் என்னைவிடச் சிறியவர். நடந்ததைத் தெலுங்கில் சொன்னேன், நேற்று நானே தவறாகத் திருத்தியதையும் சேர்த்து.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தொழிற்சாலையில் இப்படி முடிவெடுத்தால் நல்ல இயந்திரத்தை நிறுத்திவிடுவார்களே என்று கேட்டார். அதற்காகத்தான் அட்டவணை மதிப்புக்கு உரிய மதிப்பெண் போகிறது, முடிவுக்கு உரியது ஒப்பிடத் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு என்றேன். அவர் பென்சிலை எடுத்து ஓரத்தில் இரண்டு எண்களையும் எழுதிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபமில்லை.

“ஒன் மிஸ்டேக், ஒன் மார்க். பட் எல்லாருக்கும் சேம், மேடம்.”

எழுந்து நின்று அறைக்கே அறிவித்தார். தான் படித்த எண்ணோடு பொருந்தும் முடிவு என்றால் மதிப்பெண் கொடுங்கள். அந்த எண்ணுக்கே முரணாக எழுதியிருந்தால் வேண்டாம். முந்தின நாள் கட்டுகளை எல்லோரும் திரும்பப் பார்க்க வேண்டும். தேநீர் அப்போதுதான் வந்திருந்தது. பின் பெஞ்சில் ஒருவர், “நக்கோ சார், ஒரு மார்க்குக்காகவா” என்று வேண்டாமென்பதுபோல் முனகினார். ஆனாலும் கட்டுகள் வந்ததும் அவரும் முடிச்சை அவிழ்த்தார். யார் இதைக் கிளப்பியது என்று தலைமைத் தேர்வாளர் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கவில்லை.

என் கட்டுக்குள் அப்படி வெட்டிய தாள்கள் இரண்டு கிடைத்தன. ஆறை அடித்து, ஏழு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். முதல் தாள் எப்படியும் தேறிய தாள். இரண்டாவதில் கூட்டலை மாற்றிய பிறகும் தேர்ச்சிக்கு இன்னும் இரண்டு மதிப்பெண் தேவைப்பட்டது.

முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். விட்டுப்போன மதிப்பெண் எங்காவது இருக்கிறதா என்று ஒவ்வொரு விடையாகப் பார்த்தேன். மற்ற கேள்விகளில் சூத்திரங்களே பாதியில் நின்றன. கொடுக்க எதுவும் இல்லை. தாளில் மாணவர் பெயரும் இல்லை, ஒரு பார்கோடு மட்டும்.

“என்னக்கா, பாஸ் வரலையா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

வரவில்லை என்று தலையசைத்தேன். அவள் தன் தேநீரை என் பக்கம் நகர்த்தினாள். என்னுடையது ஆறிப்போயிருந்தது.