ஒரு கோதுமைக்கு எத்தனை செங்கல்

அனுஷியாவிடம் எந்த விலையைச் சொன்னாலும் மறுவிலை தானாக வாயில் வந்துவிடும். கொழும்பில் ஒரு ஹோட்டலுக்குச் சாமான் வாங்குவது அவளுடைய உத்தியோகம். மீன்காரரும் முட்டைக்காரரும் அவளுடைய நம்பர் போனில் விழுந்தால் எடுப்பதா விடுவதா என்று யோசிப்பார்கள். வெள்ளவத்தையில் மீற்றர் போட்ட ஆட்டோவிலும் பேரம் பேசிப் பார்த்த ஒரே மனுஷி அவள்தான். சம்பளத்துக்குச் செய்யும்வரை இதெல்லாம் கெட்டித்தனம். விளையாட்டிலும் அதையே செய்தால் யார்தான் தாங்குவார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் தெஹிவளையில் ஷபீகாவின் பிளாட்டில் ஒரு போர்ட் கேம் நடக்கும். ஷபீகா, அவளுடைய கணவர் சப்ரி, மேனகா, அனுஷியா, நாலு பேர். இரண்டு தாயக்கட்டையை உருட்டினால் செங்கல், மரம், கோதுமை, கம்பளி என்று அட்டைகள் வரும். அவற்றைக் கொடுத்துப் பாதையும் வீடும் கட்டவேண்டும். முதலில் பத்துப் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. ஒருவரிடமும் எல்லா அட்டையும் இராது, ஆகவே தன் முறை வரும்போது மற்றவர்களோடு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவரும் மாற்றாவிட்டால் வங்கி இருக்கிறது. ஆனால் அது நாலு அட்டையை வாங்கிக்கொண்டு ஒன்றுதான் தரும்.

தொடர்ந்து நாலு ஞாயிறு ஆட்டம் நடக்கவில்லை. ஒரு கிழமை தலையிடி, ஒரு கிழமை விருந்தாளி என்று மேனகா செய்தி அனுப்பினாள். அனுஷியாவும் நம்பினாள், பாவம். சனிக்கிழமை பின்னேரம் ஷபீகா வட்டிலப்ப இனிப்புக் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை அவளிடம் திருப்பிக் கொடுக்கப் போனால், மேசையில் போர்ட் விரிந்து கிடக்கிறது. மூன்று நிறத்தில் வீடுகள். மேனகா தாயக்கட்டையைக் கைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"சும்மா துடைச்சு வைக்கலாமெண்டு எடுத்தது," என்றாள் மேனகா.

"வீடு கட்டித் துடைக்கிறியளோ?"

ஷபீகாவுக்குப் பொய் சொல்ல வராது. "விளையாடுறோம்தான், அனு. சனிக்கு மாத்தி, நாலு கிழமையா. உன்னோட விளையாட ஏலா. ஒரு மரத்துக்கு இருபது நிமிஷம் பேசுறாய்."

"நான் வேண்டாமெண்டால் ஏனெண்டு கேக்கிறாய்," என்று மேனகாவும் வாயைத் திறந்தாள். "காரணம் சொன்னால் அதுக்கும் மறுவிலை சொல்லுறாய்!"

அனுஷியாவுக்கு முகம் எரிந்தது. இந்த மூன்று பேரை விட்டால் அவளுக்குக் கொழும்பில் சிநேகிதர் என்று ஒருவரும் இல்லை. மீன்காரரோடா போய் விளையாடுவது? திரும்பிப் போகலாம் என்று செருப்பைத் தேடினாள். கண் நிறைந்து செருப்பும் தெரியவில்லை.

சப்ரிதான் கதவை மறித்து நின்றார். "போகாதீங்க. சட்டம் ஒண்ணு போடுவோம், எல்லாருக்கும். ஒருத்தர் ஒரு விலை சொல்லலாம், மத்தவர் ஒரு மறுவிலை சொல்லலாம். பொறகு ஓம், இல்ல, ரெண்டுல ஒண்ணுதான். இல்லயெண்டா காரணம் கேக்க ஏலா. ஒரு முறைக்கு ஒரு நிமிஷம்." அலுமாரியிலிருந்து ஒரு மணல் கடிகாரத்தையும் எடுத்து வைத்தார்.

"ரெண்டு நிமிஷம் தாங்கோவன்," என்றாள் அனுஷியா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"பாத்தீங்களா!"

"சரி, ஒண்டரை."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒரு நிமிஷம்தான் கிடைத்தது. அரை ஆட்டத்தைக் கலைத்துப் புதிதாகத் தொடங்கினார்கள்.

பழக்கம் சட்டத்துக்கு அடங்குமா? முதல் மூன்று முறையும் அனுஷியா ஒரு கம்பளிக்கு இரண்டு மரம் கேட்டாள். "இல்ல," என்றார்கள், அவ்வளவுதான். ஏன் என்று கேட்க வந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் தங்கள் முறை வந்தபோது ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கட்டிக்கொண்டே போனார்கள். அவளுடைய கையில் ஒன்பது அட்டை சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஏழு விழுந்தது. ஏழுக்கு மேல் அட்டை வைத்திருப்பவர் பாதியைப் போடவேண்டும்; நாலு போயிற்று. கறாராகப் பேசிப் பேசி அவள் சம்பாதித்தது இதுதான்.

அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்டுக்கு ஒண்டு," என்றாள். மேனகா உடனே, "ஓம்," என்றாள். ஐயோ, வாங்கிய அட்டையை அனுஷியா புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். யோசிக்காமலே தருகிறாளே, இன்னும் கேட்டிருக்கலாமோ? ஆனாலும் வீடு எழும்பியது. அடுத்ததும் எழும்பியது. மேனகாவே அவளைக் கூப்பிட்டு மரம் வேண்டுமா என்று கேட்டாள்.

கடைசியில் அனுஷியாவுக்கும் சப்ரிக்கும் எட்டு எட்டுப் புள்ளி. அவளுடைய முறை. வீட்டுக்கு ஒரு கோதுமை குறைந்தது. அது சப்ரியிடம் இருந்தது. அவருக்கு வேண்டிய செங்கல் இவளிடம் மிச்சமாக ஒன்று. மணல் இறங்கத் தொடங்கியது.

"ஒரு செங்கலுக்கு ரெண்டு கோதுமை."

"ஒண்ணு."

இனிக் கதைக்க ஏலாது. அவருடைய கண் அந்தச் செங்கலிலேயே நின்றது. ஆள் தவிக்கிறார், பழையபடி இறுக்கினால் இரண்டும் வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷ அனுபவம் அல்லவா! வாய் ஊறியது.

"ஓம்," என்றாள்.

கோதுமையை வாங்கி வீட்டைக் கட்டினாள். ஒன்பது. அடுத்தது சப்ரியின் முறை. அந்தச் செங்கலையும் ஒரு மரத்தையும் போட்டு ஒரு பாதை வைத்தார். இப்போது மேசையில் மிக நீளமான பாதை அவருடையது; அதற்கு இரண்டு புள்ளி. பத்து!

"அடப் பாவி மனுஷா! என்ர செங்கல்லயா?"

மேனகா சிரித்த சிரிப்பில் தாயக்கட்டை உருண்டு மேசைக்குக் கீழே போனது. அனுஷியாவுக்கும் கோபத்தோடு கோபமாகச் சிரிப்பு வந்தது. போர்டை மடித்துக்கொண்டிருந்த ஷபீகா நிமிராமலே சொன்னாள்:

"அடுத்த சனி மூணு மணிக்கு. பிந்தி வராத, அனு."