நான் வெட்டிப்போட்ட இரண்டு பயணங்கள்

கண்டிச் சந்தைக்குப் பக்கத்தில், புடவைக் கடையொன்றின் மேல்மாடியில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்து, அதைப் புத்தகமாகப் போடுவதற்காக நாலு பேர் சேர்ந்திருந்தோம். முப்பது வருஷம் தமிழ் படிப்பித்த திமிர் எனக்கு. பேச்சை எழுத்துத் தமிழாக்கும் வேலையை நானே பிடுங்கிக்கொண்டேன். கீழேயிருந்து ஏறிவரும் புதுத்துணி வாசமும், ஆறிப்போன பிளேன்டீயும், காதுக்குள் யாரோ ஒருத்தியின் குரலும்... அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஏங்குகிறது.

முதலில் பேசியதை அப்படியே தட்டெழுதுவோம், இருமல் உட்பட. பிறகு நான் உட்கார்ந்து 'வந்து', 'என்னா' எல்லாவற்றையும் எடுப்பேன், அறுந்த வாக்கியங்களை முடிப்பேன், சொன்னதையே திரும்பச் சொன்னால் ஒன்றாக்குவேன். அச்சுக்குப் போகுமுன் பேசியவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த விதி மட்டும் இல்லாவிட்டால் நான் செய்த பாவம் அச்சேறியிருக்கும்.

ஹேவாஹெட்டப் பக்கம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. பதிவு முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மக இத வாசிக்கணும் டீச்சர். இருவது வருசமா மூஞ்சி குடுத்துப் பேசுறதில்ல. நாஞ் சொன்னா நம்ப மாட்டா. பொஸ்தகத்துல இருந்தா நம்புவா."

விஷயம் இதுதான். மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் சாதாரண தரப் பரீட்சைக்குப் பெயர் பதிய முடியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பரீட்சை போயிற்று. பிள்ளை கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அம்மா நினைத்திருந்தால் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, அலைந்து வாங்கித் தந்திருக்கலாம் என்பது அவள் மனத்தாங்கல்.

பிரதி தயாரானதும் ஹேவாஹெட்ட பஸ் பிடித்துப் போனேன். வீட்டில் மகளும் இருந்தாள். இப்போது கண்டியில் கடையொன்றில் வேலை. "நான் வாசிக்கிறேன் டீச்சர்," என்று தாளை வாங்கினாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. நல்ல குரல், தடுமாற்றமில்லாத வாசிப்பு.

"சான்றிதழ் பெறுவதற்காகக் கச்சேரிக்குச் சென்றேன். ஆனால் அது கிடைக்கவில்லை."

நிறுத்தினாள். தாளை மடியில் போட்டாள்.

"பாத்தீங்களா? நான் அன்னைக்கே சொன்னேன். ஒரு தடவ போனாங்க, விட்டுட்டாங்க. பொஸ்தகத்துலயும் அதத்தான் சொல்லியிருக்காங்க."

அம்மாவோ, "டீச்சரம்மா படிச்சவங்க, சரியாத்தான் எழுதியிருப்பாங்க," என்றார். ஐயோ, அதைவிட என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஃபோனைத் துழாவி, பதிவில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். வெளியே யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் குரல் வந்தது.

"கச்சேரிக்குப் போனேன். வந்தேன்." மூச்சு வாங்குகிறது. "போனேன். வந்தேன்." நீண்ட மௌனம். "போனேன்... வந்தேன்."

இதைத்தான் நான் 'கூறியது கூறல்' என்று ஓரத்தில் குறித்து, ஒரே வரியாக்கியிருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"அம்மா, இது மூணு தடவையா?" என்று கேட்டேன்.

"மூணு நாளுதான் டீச்சர். மொத நாளு ஐயா வரல. ரெண்டாவது, தோட்டத்துக் கடுதாசி கொண்டாரச் சொன்னாங்க. அதையும் வாங்கிக்கிட்டுப் போனா, பரீட்சைக்குப் பேரு குடுக்குற நாளு முடிஞ்சிருச்சின்னு தெரிஞ்சிச்சி."

மகள் அம்மாவைப் பார்த்தாள். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"கெடைக்காத ஒண்ண எத்தன தடவ கேட்டேன்னு சொல்லி என்னா ஆவப்போவுது? நீ வேற அழுதுக்கிட்டே கெடந்த."

எனக்கு அழுகை முட்டியது. மறைக்கவும் இல்லை. அங்கேயே தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்: 'கச்சேரிக்குப் போனேன், அதிகாரி வரவில்லை, திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன், தோட்டத்துக் கடிதம் கேட்டார்கள், திரும்பி வந்தேன். கடிதத்தோடு மூன்றாம் முறையும் போனேன். பெயர் பதியும் நாள் முடிந்துவிட்டது, வந்தேன்.' எழுத்துத் தமிழ்தான். ஆனால் ஒவ்வொரு 'வந்தேன்'-ஐயும் அவர் விட்ட இடத்திலேயே விட்டேன்.

மகள் பேனாவைக் கேட்டு வாங்கினாள். "கடைசி 'வந்தேன்'ல ஒண்ணு விட்டுப்போச்சு டீச்சர்," என்றாள். "அன்னைக்குத்தான் மழையில நல்லா நனைஞ்சு வந்தாங்க. நான் கதவத் தொறக்கல."

தாளின் அடியில் அதைத் தன் கையாலேயே எழுதினாள். புத்தகத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது.