ஒரு குட்டியானையின் மார்ஜின்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், பொம்மையார்பாளையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நானும் என் வீட்டுக்காரரும் பழைய லோடு வண்டி வாங்கி விற்கிறோம். வாங்குவது அவர் வேலை. வண்டிக்குக் கீழே படுப்பார், இன்ஜினை முறுக்கிப் பார்ப்பார், வாக்குக் கொடுப்பார். பில் போடுவதும் அவர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதும் என் வேலை. இரண்டாவதற்குத்தான் எனக்கு ராத்தூக்கம் கெடும்.

எங்களிடம் வருகிற வண்டிகளில் பாதி மரக்காணத்து உப்பளத்தில் ஓடியவை. அதை ஆர்.சி. புக்கைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இன்ஜின் நன்றாக இருக்கும், டயர் பரவாயில்லாமல் இருக்கும், பின்னால் ஏறி நின்றால் மட்டும் கால் உள்ளே போய்விடும். உப்பு தளத்தை அப்படித் தின்றிருக்கும். அதனால் உப்பள வண்டி வாங்கினால் முதல் செலவு புதுத் தகடு அடிப்பதுதான். வெல்டிங் பட்டறையில் வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் எங்கள் லாபம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறிகளாகப் பறந்துகொண்டிருக்கும்.

மழைக்காலம் முடிந்து பாத்தி சீர் பண்ணத் தொடங்குகிற சமயத்தில் ஒரு அக்கா தன் குட்டியானையை, அந்தச் சின்ன லோடு வண்டியை, கொண்டு வந்து நிறுத்தினார். மரக்காணத்தில் சொந்த உப்பளம் வைத்திருந்தவர். பையன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான், பாத்தியைக் குத்தகைக்கு விட்டாயிற்று, வண்டி எதற்கு என்றார். என் வீட்டுக்காரர் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொன்னார். அக்கா பேரம் பேசவில்லை. எங்களுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"நான் எவ்ளோக்குக் கொடுத்தேன்னு எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா என் தம்பிக்கு."

"நம்ம வாயிலேர்ந்து வராதுக்கா" என்றார் என் வீட்டுக்காரர். எவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

அக்காவும் தம்பியும் பாகப்பிரிவினையில் முட்டிக்கொண்டு பல வருஷமாகப் பேசுவதில்லை. மரக்காணத்தில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. அடுத்தடுத்த பாத்தி, நடுவில் ஒரு வரப்பு. கல்யாணம் காட்சியில்கூட ஆளுக்கு ஒரு பந்தியில் உட்காருவார்கள்.

வண்டிக்குத் தளம் மாற்றி, பக்கப் பலகைகளை ஒட்டி, பெயிண்ட் அடித்து முடிக்க முப்பத்தைந்தாயிரம் ஆயிற்று. வாசலில் நிறுத்திய சில நாளிலேயே ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆர்.சி. புக்கை வாங்கி அதிலிருந்த பெயரில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அந்தத் தம்பி அவர்தான்.

என் வீட்டுக்காரர் ஒன்றே முக்கால் லட்சம், வரி தனி என்றார். அவரும் பேரம் பேசவில்லை. அந்தக் குடும்பத்துக்கே பேரம் பேசத் தெரியாது போலிருக்கிறது. "எனக்கு முறையா பில்லு வேணும். உப்பளத்துல கூட்டாளி இருக்கான், கணக்கு காட்டணும்" என்று முன்பணம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வரி எவ்வளவு வரும் என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர், "அஞ்சாயிரத்து சொச்சம் வரும்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த ஐயாயிரத்துச் சொச்சம் நான் போட்ட கணக்கு. பழைய வண்டி வியாபாரிக்கு முழு விலைக்கும் வரி கிடையாது. வாங்கின விலையை விற்ற விலையிலிருந்து கழித்து, நடுவில் நிற்கிற மார்ஜினுக்கு மட்டும் பதினெட்டு சதவீதம். அந்த வண்டிக்கு முதன்முதல் வாங்கும்போதே ஒருவர் வரி கட்டியாயிற்று, மறுபடி முழுசாகக் கட்டச் சொன்னால் நியாயமில்லை என்பதுதான் ஏற்பாடு. எங்களிடம் விற்கிறவர் அந்த அக்காவைப் போல ஜி.எஸ்.டி. பதிவில்லாத சாதாரண ஆள். அதனால் வாங்கின வகையில் நாங்கள் கழித்துக்கொள்ள எந்த வரியும் இல்லை, கழித்துக்கொள்ளவும் கூடாது. நஷ்டத்துக்கு விற்றால் வரியே இல்லை. அந்தப் பாக்கியமும் எங்களுக்கு ஒரு தடவை வாய்த்திருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்றால், வாங்கின விலையோடு தகட்டுச் செலவையும் சேர்த்துவிட்டேன். ஒன்று பத்தும் முப்பத்தைந்தும் ஒன்று நாற்பத்தைந்து. மிச்சம் முப்பதாயிரம்தானே நம் கையில் நிற்கிறது, அதற்குத்தானே வரி என்று நினைத்தேன். உப்பள வண்டி விற்கிற யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். தளம் இல்லாமல் வண்டி ஏது?

புதுச்சேரியில் எங்கள் கணக்கைப் பார்க்கிற ஆடிட்டர் பில்லை அனுப்புவதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டார். "ஏம்மா, வாங்கின விலைன்னா அந்த அம்மா கையில கொடுத்தது மட்டும்தான். வெல்டிங்கு, பெயிண்டு எல்லாம் உங்க செலவு. வருமான வரியில கழிச்சுக்கோங்க, ஜி.எஸ்.டி. மார்ஜின்ல கழிக்க முடியாது. மார்ஜின் அறுபத்தஞ்சு. வரி பதினோராயிரத்து எழுநூறு."

வரி இரண்டு மடங்கானது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "சார், இந்த அறுபத்தஞ்சு பில்லுல வருமா?" என்று கேட்டேன்.

"வரிக்குரிய மதிப்புன்னு கட்டம் இருக்குதுல்ல, அதுல வேற என்ன வரும்?"

"அது தெரியாம போட முடியாதா?"

"முழு விலைக்கும் வரி போட்டு நீங்களே கட்டிடுங்க. முப்பத்தோராயிரத்து ஐநூறு. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது" என்று சிரித்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லாததால் கோபம் இன்னும் கூடியது.

யோசித்துப் பாருங்கள். ஒன்றே முக்காலில் அறுபத்தைந்தைக் கழிக்கத் தெரியாத ஆள் உப்பளம் நடத்த முடியுமா? பில்லைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் அக்காவுக்கு என்ன கிடைத்தது என்று தம்பிக்குத் தெரிந்துவிடும். நாங்கள் நடுவில் அறுபத்தைந்தாயிரம் அடித்ததாகவும் தெரியும், ஏனென்றால் தகடு அந்தக் காகிதத்தில் இல்லை. ரெண்டு பக்கமும் எங்களைத் திட்டும். மரக்காணத்தில் ஒருவர் திட்டினால் போதும், அடுத்த வண்டி திண்டிவனத்து வியாபாரிக்குப் போய்விடும். எங்கள் கடையே அந்த ஊர் வண்டிகளில்தான் நிற்கிறது. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் நன்றாகச் சாப்பிட்டார்.

"தகட்டையும் சேர்த்தே போட்டுடேன், யாரு பார்க்கப் போறா?" என்றார்.

"அந்த அக்கா கையெழுத்துப் போட்ட ரசீது கையில இருக்கு. அதுல ஒண்ணு பத்து. நாளைக்கு ஆபீசருங்க கேட்டா நீங்க போய் நில்லுங்க" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

சரியான பில்லைப் போட்டு, ஸ்கூட்டரில் நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போனில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தத் தம்பி முகத்தைப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. வழியெல்லாம் மனசுக்குள் வாதாடிக்கொண்டே போனேன். எப்படிச் சொன்னாலும் திருட்டுத்தனம் பண்ணினவள் சமாதானம் சொல்வது போலவே எனக்கே கேட்டது. வெல்டிங் பட்டறைக்காரரின் துண்டுச் சீட்டையும் கைப்பையில் வைத்திருந்தேன். அதை இரண்டு முறை வண்டியை நிறுத்தித் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அவர் பாத்தி ஓரத்தில் நின்றிருந்தார். குட்டியானை பக்கத்தில் நின்றது. பில்லை வாங்கிப் படித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் உதடு அசைந்தது. கழித்தாயிற்று என்று தெரிந்தது.

"வரி அதிகமாயிடுச்சுண்ணே. நான்தான் தப்பா கணக்கு போட்டுட்டேன்" என்று ஆரம்பித்தேன். "இதுல அறுபத்தஞ்சுன்னு இருக்கறது எங்களுக்கு முழுசா நிக்கலண்ணே. தளத்துக்கே..." என்று துண்டுச் சீட்டைத் தேடினேன்.

"அது கெடக்கட்டும்" என்றார். "ஒண்ணு பத்துக்கா கொடுத்துச்சு அக்கா?"

நான் துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"போன வருஷம் ஆள் விட்டுக் கேட்டேன். ஒன்னேகால் தர்றேன்னு சொல்லி அனுப்புனேன். உனக்குக் கொடுக்கறதுக்குக் கடல்ல தள்ளிடுவேன்னு சொல்லிச்சு." பில்லை மறுபடி பார்த்தார். "அது பதினஞ்சு விட்டுது. நான் அம்பது கூடப் போட்டேன். அதுக்கு மேல வரி வேற. நேரா போய்க் கேட்டிருந்தா இதுல ஒரு பைசா கிடையாது."

எனக்கு அப்போதுதான் அந்த அக்கா ஏன் அப்படி ஒரு வாக்கு வாங்கினார் என்று விளங்கியது. அதைவிடப் பெரிய பயமும் வந்தது, ஏனென்றால் அவர் போனை எடுத்து அக்கா நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். வேண்டாம்ணே என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அழைத்துவிட்டார்.

எடுத்ததும் அவர் அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. "தளம் மாத்திட்டாங்க" என்றார். "இனிமே ரோட்டுல உப்பு சிந்தாது." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள் போல. "ம்" என்றார். "ஒண்ணு பத்துன்னு தெரியும், பில்லுல அறுபத்தஞ்சு நிக்குது" என்றார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார்.

"உன் வீட்டுக்காரரு வாக்கு கொடுத்தாரே" என்றது அக்காவின் குரல்.

"அவரு வாயிலேர்ந்து வரலீங்க அக்கா. நானும் சொல்லல. பில்லுல மார்ஜின் போட்டாகணும், அதுல தெரிஞ்சுடுச்சு."

"அறுபத்தஞ்சாமே?"

"முப்பத்தஞ்சு தகட்டுக்கும் பெயிண்டுக்கும் போச்சுங்க. சீட்டு இருக்கு, காட்டறேன்."

அழுகிறாரா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "தகடு கனமானதா போட்டீங்களா? அவன் ஓவர்லோடு ஏத்துவான்" என்றார்.

கனமானதுதான் என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரப்பில் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புக் காற்று என்று சொல்லிக்கொள்ள வசதியான இடம்.

வரி உள்பட மிச்சப் பணத்தை அவர் அன்றே கொடுத்தார். அடுத்த சீசனில் அந்தத் தம்பி தன் பழைய டிராக்டரை விற்கக் கிளம்பினார். அது எங்கள் வாசலுக்கு வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. அக்கா வீட்டு ஆள் ஒருவருக்கே நேராகக் கொடுத்துவிட்டார், நடுவில் யாரும் இல்லாமல், வரியும் இல்லாமல். நல்ல விஷயம்தான் என்று ஊரெல்லாம் சொன்னது, நானும் சொன்னேன். ஆனால் அந்த டிராக்டரில் எங்களுக்கு நல்ல மார்ஜின் நின்றிருக்கும்.