கையெழுத்துக்கு மேலே இரண்டங்குலம்

ராசிபுரத்தில் மாமன் வீட்டு மாடியில் கந்தம்மாளுக்கு ஓர் அறை இருந்தது. கீழே நான்கு தறிகள். காலையில் அவை தொடங்கினால் விளக்கு வைக்கும் வரை சத்தம் ஓயாது. வீட்டில் யாரும் அவளிடம் கடுமையாகப் பேசியதில்லை. பேசியதே குறைவு. பட்டணத்தில் பி.ஏ. படித்தவள். அவளிடம் என்ன பேசுவது என்று அத்தைக்குத் தெரியவில்லை. "சாப்பிடறயா சாமி?" என்று கேட்பாள். சாப்பிட்டதும் வட்டிலை அவளே வாங்கிக் கழுவி வைப்பாள். விருந்தாளிக்குச் செய்வதைப் போல.

அப்பா நூல் வியாபாரி. தாயில்லாத ஒரே மகளைச் சேலத்தில் விடுதியில் விட்டுப் படிக்க வைத்தார். பிறகு சென்னைக்கு அனுப்பினார். பெண்கள் கல்லூரியில் சங்கீதத்தையும் ஒரு பாடமாக எடுக்கலாம் என்று அவள் எழுதியபோது, "உனக்குப் பிடிச்சதை எடு" என்று ஒரு கார்டு போட்டார். அவள் பட்டம் வாங்கிய வருஷம் இறந்துபோனார். அவள் மாமன் வீட்டுக்கு வந்தாள். கந்தம்மாளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் படிப்பைக் கேட்டதும் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

சங்கீதம் படித்தவளுக்குப் பாட வராது. இது வீட்டில் யாருக்கும் தெரியாது. குரல் தடித்தது. மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது உடையும். கல்லூரியில் முதல் வருஷமே ஆசிரியை இதைக் கண்டுகொண்டார். "உன் காது நல்ல காது" என்று மட்டும் சொல்லி, செய்முறைத் தேர்வுக்கு வீணையைக் கொடுத்தார். வீணை கல்லூரியுடையது. படிப்பு முடிந்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது. அவளோடு ஊருக்கு வந்தவை நோட்டுப் புத்தகங்கள்தாம். மேளகர்த்தா, தாளங்களின் அங்கங்கள், ராக லட்சணம், கமக வகைகள். மாடியில் உட்கார்ந்து அவற்றைப் படிப்பாள். ஸ்வரக் குறிப்பைக் கண்ணால் படித்தாலே அவளுக்குக் காதில் கேட்கும்.

முப்பத்தொன்பதாம் வருஷம் பங்குனியில், சேலத்திலிருந்து மாமன் சென்னிமலை வாங்கி வந்த பொட்டலத்தைச் சுற்றியிருந்த பத்திரிகையில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தாள். சேலத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. நான்காம் பாரம் முதல் ஆறாம் பாரம் வரை சங்கீத லட்சணம், அதாவது பாட்டின் இலக்கணம், கற்பிக்க ஆசிரியை தேவை. பாட வேண்டும் என்று அதில் இல்லை. மூன்று முறை படித்தாள். இல்லைதான்.

அன்றே விண்ணப்பம் எழுதினாள். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். பட்டம், தேறிய வகுப்பு, சர்க்கார் நடத்தும் ஆசிரியர் தேர்வில் வாங்கிய சான்றிதழ். பிறகு ஒரு பத்தி: எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களை மனப்பாடமாக ஒப்பிக்க வைக்காமல், அவை எப்படி உண்டாகின்றன என்று பெண்கள் தாங்களே கண்டுபிடிக்கும்படி கற்பிப்பேன். அந்தப் பத்தியை எழுதும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. குரலைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கேட்காததைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாள். பொய் ஒன்றும் இல்லை.

"கையால எழுதினா மதிக்க மாட்டாங்க. டைப் அடிச்சுக் குடுத்துடலாம். சேலம் கோர்ட்டு வாசல்ல கண்ணுசாமின்னு ஒருத்தன் இருக்கறான், நம்ம பத்திரமெல்லாம் அவன்தான்" என்றார் மாமன்.

"நானும் வாரேன் மாமா. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடோணும்."

"கோர்ட்டு வாசல்ல நீ எங்க வந்து நிப்பே? காயிதத்துல கையெழுத்தைப் போட்டுக் குடு. மேல அவன் அடிச்சுக்குவான். நாளைக்கே பள்ளிக்கூடத்துல குடுத்துட்டு வந்துடறேன்."

நீளக் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள். மேலே முழுதும் வெள்ளையாக இருந்தது. வீட்டுப் பெண்கள் பத்திரங்களில் இப்படித்தான் கையெழுத்துப் போட்டு வந்தார்கள். அவளுக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் மாமன் காத்துக்கொண்டு நின்றார்.

பதினாறாம் நாள் பள்ளியிலிருந்து கார்டு வந்தது. நேரில் வந்து ஒரு மாதிரி வகுப்பு எடுக்கும்படி எழுதியிருந்தது. அத்தை முதல்முறையாக மாடிக்கு ஏறி வந்து, தன் புதுச் சேலையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்.

தலைமையாசிரியை சௌந்திரம் அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, ரவிக்கையில் குத்திய சின்னக் கடிகாரம். பள்ளிக் கமிட்டித் தலைவர் வெள்ளியங்கிரி, பருத்தி மண்டிக்காரர், வகுப்பின் கடைசி வரிசைப் பெஞ்சில் சிரமப்பட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் பாரத்துப் பெண்கள் இருபது பேர்.

கந்தம்மாள் கரும்பலகையில் எதையும் எழுதவில்லை. ஆறு பெண்களை இடப்புறம் நிற்க வைத்தாள். "ஸ்வரங்களில் ரிஷபமும் காந்தாரமும் சேருகிற விதம் ஆறு. நீங்கள் அந்த ஆறு." இன்னும் ஆறு பேரை வலப்புறம் நிறுத்தினாள். "தைவதமும் நிஷாதமும் சேருகிற விதமும் ஆறு. நீங்கள் அது." பிறகு இடப்புறத்து முதல் பெண்ணிடம், "நீ எதிரே உள்ள ஒவ்வொருத்தியோடும் ஒருமுறை கைகோத்துவிட்டு வா" என்றாள்.

அவள் போய் வந்தாள். "எத்தனை?"

"ஆறு டீச்சர்."

"ஆறு பேரும் போனால்?"

"முப்பத்தாறு!" என்று பல குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன.

"நடுவில் மத்யமம் இன்னும் வரவில்லையே." ஒரு குள்ளப் பெண்ணை நடுவில் நிறுத்தினாள். "நீ சுத்த மத்யமமாக நிற்கும்வரை முப்பத்தாறு. ஓர் அடி முன்னால் வை. இப்போது பிரதி மத்யமம். மறுபடி எல்லாரும் கைகோத்தால்?"

"எழுபத்திரண்டு!" அந்தக் குள்ளப் பெண் தானே கத்தினாள். தான் ஓர் அடி வைத்ததில் முப்பத்தாறு கூடிவிட்டதில் அவளுக்குத் தாங்கவில்லை. வெள்ளியங்கிரிகூடச் சிரித்தார். "கணக்கு வாத்தியார் பாத்தாருன்னா சண்டைக்கு வந்துருவாரு" என்றார்.

கந்தம்மாளும் சிரித்தாள். நான்கு வருஷத்தில் இவ்வளவு பேர் அவள் பேச்சைக் கேட்டதில்லை.

"சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் காதால் என்ன வித்தியாசம் டீச்சர்? பாடிக் காட்டுங்க" என்றாள் ஒருத்தி.

கந்தம்மாள் அந்தப் பெண்ணையே சங்கராபரணத்தின் ஆரோகணத்தைப் பாடச் சொன்னாள். அவள் பாடினாள். மத்யமத்தை மட்டும் ஏற்றச் சொன்னாள். பெண் ஏற்றியது போதவில்லை. "இன்னும். இன்னும் கொஞ்சம். பஞ்சமத்தைத் தொடப்போகிறாய், இறங்கு. அங்கேதான். நில்." பெண் நின்றாள். கல்யாணி ராகம் வந்துவிட்டது. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளியங்கிரி எழுந்தார். "அதெல்லாம் சரிதானுங்க. நீங்க ஒண்ணு பாடுங்க, கேக்கலாம். காலையில பிரேயருக்கு, ஆண்டு விழாவுக்கெல்லாம் பாட்டு டீச்சர்தான் பாடோணும்."

"எனக்குப் பாட வராதுங்க."

அவர் தலைமையாசிரியையைப் பார்த்தார். சௌந்திரம் அம்மாள் கையிலிருந்த கோப்பைப் பிரித்து, விண்ணப்பத்தைக் கந்தம்மாளிடம் நீட்டினார்.

வார்த்தைகள் அவளுடையவைதாம். அவள் எழுதிய பத்திகள் அப்படியே இருந்தன. கடைசிப் பத்திக்கும் கையெழுத்துக்கும் நடுவே மட்டும், அவள் எழுதாத இரண்டு வாக்கியங்கள். என் குரல் இனிமையானது, நன்கு பயிற்சி பெற்றது. பள்ளியின் எல்லா விசேஷங்களிலும் பாடக் காத்திருக்கிறேன்.

"இது நான் எழுதினதில்லைங்க."

"கையெழுத்து?" என்றார் சௌந்திரம் அம்மாள்.

"என்னுதுதான்."

பெண்களை வெளியே அனுப்பினார்கள். வெள்ளியங்கிரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "மண்டியில ஆள் காத்திருக்கறாங்க. நீங்களே பேசி முடிங்கம்மா" என்று போய்விட்டார்.

வகுப்பில் இருவர் மட்டும். பெண்கள் நிற்பதற்காக ஒதுக்கிய பெஞ்சுகள் இடமாறிக் கிடந்தன.

"பதிமூன்று விண்ணப்பம் வந்தது. இந்த வகுப்பை மற்றவர்கள் இப்படி எடுக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரிகிறது. ஆனால் கமிட்டி உங்களைக் கூப்பிட்டது அந்தக் கடைசி இரண்டு வரிக்காகத்தான். ஒரே சம்பளத்தில் பாடவும் ஆள் வேண்டும்" என்றார் தலைமையாசிரியை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். ஜூனில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொண்டிருக்கலாம்."

"ஜூன்லயும் வராதுங்களே."

சௌந்திரம் அம்மாள் விண்ணப்பத்தை வாங்கி மறுபடி கோப்பில் வைத்தார்.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கந்தம்மாள் கோர்ட்டு வாசலுக்கு நடந்தாள். புளியமரத்தடியில் மூன்று பேர் டைப் மெஷின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணுசாமி யார் என்று கேட்டாள். வழுக்கைத் தலைக்காரர் நிமிர்ந்தார்.

"ராசிபுரம் தறிக்காரர் சென்னிமலையோட அக்கா மகள் நான். பள்ளிக்கூட விண்ணப்பம்."

"அடடே, வாங்க வாங்க. வேலை கிடைச்சுதுங்களா?"

"நான் எழுதாததை ஏன் அடிச்சீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சங்கடப்படவில்லை. "கையெழுத்துக்கு மேல ரெண்டு அங்குலம் வெத்தா இருந்துதுங்க. அப்பிடி உடக் கூடாது. நாளைக்கு எவனாச்சும் அதுல ஒரு வரியைச் சேத்துட்டான்னா சொத்தே போயிரும். இருபத்திரண்டு வருசமா ஒரு பத்திரத்துல நான் எடம் உட்டதில்லீங்க. பாட்டு டீச்சருன்னு உங்க மாமன் சொன்னாரு, அதுக்குத் தகுந்தாப்புல நல்லதா நாலு வார்த்தை போட்டேன். கெட்டதாவா போட்டேன்?"

கெட்டதாகப் போடவில்லைதான். யாரோ எதையோ எழுதிவிடக் கூடாதே என்று, அவரே எழுதிவிட்டார். பக்கத்து மரத்தடியில் ஒருவன் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தனக்குக் கோபம் வரும் என்று கந்தம்மாள் நினைத்தாள். வரவில்லை.

"இன்னொண்ணு அடிங்க. நான் சொல்றேன்."

மரத்து வேரில் உட்கார்ந்து சொன்னாள். முதல் வரியைக் கேட்டதும் கண்ணுசாமி கையை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்.

"'எனக்குப் பாட வராது.' இதை மொதல்லயே போடோணுமா? ஒரு பயலும் கூப்பிட மாட்டானுங்க, சாமி."

"போடுங்க."

"கடைசியிலயாச்சும்…"

"மொதல்லயே."

அடித்தார். மறுபடியும் மறுபடியும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அதையே மாதிரியாக வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்தில் பதினொரு பள்ளிகளுக்குத் தன் கையாலேயே எழுதி அனுப்பினாள். பத்திலிருந்து பதில் வரவில்லை. மாமன் கேட்பதை நிறுத்திவிட்டார். அத்தை புதுச் சேலையைத் திரும்பக் கேட்கவில்லை, கந்தம்மாளே மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பதினொன்றாவது ஆத்தூர்ப் பக்கத்துப் பள்ளி. அங்கே பாடுவதற்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார். லட்சணப் பரீட்சையில்தான் பெண்கள் வருஷா வருஷம் தோற்றார்கள். வாரத்துக்கு ஒன்பது பீரியட், பாதிச் சம்பளம். கந்தம்மாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு போனாள். அரிசி மில்லுக்கு எதிரே ஓர் அறை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மில் ஓடாது. அன்றைக்கு அவள் யாரோடும் பேசாமலே நாள் முடிந்துவிடும்.

காலைப் பிரார்த்தனையின்போது ஆசிரியைகள் வரிசையின் கடைசியில் நிற்பாள். எல்லாரும் பாடுவார்கள். புதிதாகச் சேர்ந்த நாலாம் பாரத்துப் பெண் ஒருத்தி ஒருநாள் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க சங்கீத டீச்சர்தானே? ஏன் பாடல?"

"எனக்குப் பாட வராது."

"ஓ" என்றாள் பெண். முன்னால் திரும்பிப் பாடத் தொடங்கினாள். இரண்டாம் அடியில் அவளுடைய காந்தாரம் சற்றுத் தாழ்ந்திருந்தது. மூன்றாவது பீரியட் அவள் வகுப்புத்தான்.