கூடத்துக்குப் போகாத குலாப் ஜாமூன்

எங்கள் ஆர்.எஸ்.புரம் வீட்டில் சமையலறைக்கு ஒரே வாசல்தான். அது கூடத்துக்குள் திறக்கும். அன்று கூடத்தில் என் மகளின் மாமியாரும் அவருடைய அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் வீட்டிலிருந்து வந்து மாதக்கணக்காக எங்களுடன் இருந்தவளைத் திரும்ப அழைத்துப்போக வந்திருந்தார்கள். பேச்சு முடிந்தால் இனிப்பில் கை நனைப்பார்கள். கை நனைத்துவிட்டால் அவளை அனுப்ப நாங்கள் சம்மதித்துவிட்டோம் என்று அர்த்தம். அதுவரை தண்ணீரைக்கூடத் தொடமாட்டார்கள்.

நானும் மகளும் உள்ளே இருந்தோம்.

"அம்மணி, ஆச்சா?" என்றார் என் கணவர், கூடத்திலிருந்து.

பதற்றத்தில் தீயைக் கூட்டிவிட்டேன். ஜாமூன் நொடியில் கறுத்தது. பிட்டால் நடுவில் வேகாத மாவு, கெட்டியாக.

"இதையே கொண்டுபோய்க் குடும்மா. பல்லு போனா அவங்களே எந்திரிச்சுப் போயிருவாங்க" என்றாள் மகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்ததற்குப் பாலை அதிகமாக ஊற்றிவிட்டேன். எண்ணெயில் போட்டதும் உருண்டைகள் பிரிந்து தூளாக மிதந்தன.

"தள்ளிக்கோ" என்றாள். எண்ணெயை மாற்றினாள். மீதமிருந்த கோவாவை உள்ளங்கையால் கட்டியில்லாமல் தேய்த்து, கொஞ்சம் மைதாவும் ஒரு சிட்டிகை சோடாவும் சேர்த்து, பாலைத் தெளித்து விரல் நுனியால் கூட்டிச் சேர்த்தாள். அழுத்திப் பிசையவில்லை. மூடி வைத்தாள்.

"சீக்கிரம், கண்ணு."

"ஊறோணும்மா."

செய்ய ஒன்றுமில்லாமல் இருவரும் நின்றோம். அப்போதுதான் கேட்டேன், அங்கே என்னதான் நடந்தது என்று. அதுவரை கேட்கப் பயந்திருந்தேன்.

மூடியைத் திறந்து, வெடிப்பில்லாமல் உருட்டிக்கொண்டே சொன்னாள். "எல்லாரும் வெளிய போறப்ப என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போவாங்க. போனையும் எடுத்துட்டு."

அவள் உருட்டுவதை நிறுத்தவில்லை. எண்ணெயில் துளி மாவைப் போட்டுப் பார்த்தாள். அடியில் கிடந்து, மெல்ல மேலே வந்தது. தீயைக் குறைத்தே வைத்து உருண்டைகளைப் போட்டாள். அவற்றைத் தொடாமல் எண்ணெயை மட்டும் கரண்டியால் சுழற்றினாள். எல்லாம் ஒரே நிறமாகச் சிவந்தன. சற்று ஆறவிட்டு வெதுவெதுப்பான பாகில் போட்டோம். ஊறியபின் ஒன்றைப் பிட்டாள். நடுவரை பஞ்சாக இருந்தது.

கணவர் மறுபடி கூப்பிட்டார். நான் வெறுங்கையோடு போனேன்.

"இனிப்பு இல்லைங்க" என்றேன்.

"வாசம் ஊடு பூரா அடிக்குதே, அம்மணி" என்றார் சம்பந்தியம்மா.

"அது எம் பொண்ணு சாப்பிடறதுக்குங்க. அவ வரமாட்டா."

யாரும் எழவில்லை. என் கணவர் என்னையே பார்த்தார். திரும்பி உள்ளே போகவும் முடியவில்லை, அங்கேயே நிற்கவும் முடியவில்லை. பின்னால் நகர்ந்து சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்கும் வரை கதவு நிலையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.